"வண்டி எங்களுது இல்லைங்க" என்று பள்ளி சொன்னால்

"வண்டி எங்களுது இல்லைங்க, கான்ட்ராக்ட் வண்டி. நீங்க ஓனர்கிட்டயே பேசிக்கங்க." பள்ளிப் பஸ்ஸில் எங்கள் பாப்பாவை நடத்தும் விதம் பற்றிப் புகார் சொன்னபோது பள்ளி அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். ஓனருக்குப் போன் போட்டால், "டிரைவர் நம்ம ஆளுதாங்ணா, இல்லேங்கல. ஆனா பஸ்ஸுக்குள்ள புள்ளைங்களைப் பாத்துக்கறது ஆயா வேலை. அந்தம்மாவுக்குச் சம்பளம் குடுக்கறது ஸ்கூலு" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் பொய் கிடையாது. சிக்கலே அங்கேதான். வண்டி ஒருத்தருடையது, டிரைவர் ஒருத்தரின் ஆள், ஆயா இன்னொருத்தரின் ஆள். நடுவில் மாட்டிக்கொண்டது எங்கள் பாப்பா.

எங்களுக்குச் சோமனூர் பக்கம் ஒரு கிராமம். விசைத்தறி ஓட்டிப் பிழைப்பு. பாப்பா மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கு டூவீலரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. பஸ் ஊர் ஊராகச் சுற்றி வருவதால் சாயங்காலம் வீடு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகிவிடும். எங்கள் ஸ்டாப்பிங் கடைசிக்கு முந்தினது.

முதலில் கவனித்தவள் என் மனைவி. காலையில் நிரப்பிக் கொடுத்த வாட்டர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. மறந்துவிட்டாள் போல என்று விட்டோம். அப்புறம் ஒரு புதன்கிழமை, வெள்ளை யூனிஃபார்ம் போடும் நாள், துவைக்க எடுத்தபோது பாவாடையின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் கறை. உற்றுப் பார்த்தால் அச்செழுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழாகப் படிந்திருந்தது. செய்தித்தாள் மேலே, வேர்த்த உடம்போடு, வெகுநேரம் உட்கார்ந்தால்தான் அப்படிப் படியும். அடுத்த சில நாளில் ஒண்ணுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதாள். டாக்டர் சிறுநீர்த் தொற்று என்று சொல்லி, தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைக்கிறாளா என்று கேட்டார்.

இந்த இடத்தில் பெற்றவர்கள் பெரும்பாலும் "யாராச்சும் அடிச்சாங்களா? டிரைவர் ஏதாச்சும் சொன்னாரா?" என்று அடுக்கிவிடுவார்கள். எட்டு வயதுக் குழந்தை நாம் எதிர்பார்க்கும் பதிலைத்தான் சொல்லும், இல்லையென்றால் வாயே திறக்காது. என் மனைவி ஒரு நோட்டில் பஸ்ஸைக் கட்டம் கட்டமாக வரைந்து, "யார் யார் எங்க உட்காருவீங்க, எழுதிக் காட்டு கண்ணு" என்றாள். பாப்பா எல்லாக் கட்டத்திலும் பேர் எழுதினாள். தன் பேரை மட்டும் கட்டத்துக்கு வெளியே, டிரைவருக்கு இடப்பக்கம் எழுதினாள். "அங்க சீட்டே இல்லையே சாமி?" என்றதற்கு, "பானெட்டு. பேப்பர் போட்டு உக்கார வெப்பாங்க" என்றாள்.

அதன்பிறகு எல்லாம் வந்தது. போன பருவத்தில் ஒருநாள் சாயங்காலம் அவசரமாக வருகிறது, நிறுத்துங்கள் என்று கேட்டிருக்கிறாள். வண்டி நிற்கவில்லை. சீட்டிலேயே போய்விட்டாள். அன்றிலிருந்து டிரைவர் அவளுக்கு வைத்த பேர் டேங்கர். தினமும் ஏறும்போது, "டேங்கர் காலியா, லோடோட வருதா?" பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆயாவும் சிரிப்பார். சீட் நாறிவிடும் என்று டிரைவர் இன்ஜின் பானெட் மேல் பேப்பரை விரித்து அதில் உட்கார வைத்திருக்கிறார். சாயங்கால வெயிலில் பானெட் எப்படிச் சுடும் என்பது பழைய பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். வீட்டில் சொன்னால் நடு ரோட்டில் இறக்கிவிடுவேன் என்று ஒரு மிரட்டல் வேறு. அதனால்தான் தண்ணீரே குடிப்பதில்லை.

கேட்டவுடன் எனக்குத் தோன்றியது, மறுநாள் ஸ்டாப்பிங்கில் வண்டியை மறித்து ஆளை இறக்கிக் கேட்பதுதான். மனைவி விடவில்லை. அவள் சொன்ன காரணம் சரியான காரணம்: மறித்துச் சத்தம் போட்டால், அது முடிந்தபின் பாப்பா அதே வண்டியில்தான் ஏறவேண்டும். அதோடு நான் கை நீட்டிவிட்டால் பேச்சு முழுக்க என்னைப் பற்றியதாக மாறிவிடும். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடவில்லை. டேங்கர் என்ற பேர் பஸ்ஸோடு இருந்தது. குரூப்பில் போட்டால் பள்ளி முழுக்கப் பரவும். அந்தக் குரூப்பில் ஓனரின் தங்கை மகளும் இருக்கிறாள். எங்கள் பக்கம் அப்படித்தான், யாரைத் தொட்டாலும் யாருக்காவது சொந்தம்.

அதற்குப் பதிலாக அதே வண்டியில் வரும் இரண்டு குடும்பங்களிடம் தனித்தனியாகப் போனோம். விஷயத்தைச் சொல்லவில்லை. "உங்க பையன் பஸ்ல எங்க உக்காருவான், பானெட்ல யார் உக்காருவாங்கன்னு கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பாப்பா பேரையும் பட்டப்பேரையும் தானாகவே சொன்னான். பெரியவர்கள் சொல்லிக் கொடுக்காமல் இரண்டு குழந்தைகள் ஒரே விஷயத்தைச் சொல்வது பெரிய பலம். நாமே கதையைச் சொல்லிவிட்டு "ஆமாவா?" என்று கேட்டால் அந்தப் பலம் போய்விடும்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் விஷயம் பேச்சும் அவமானமும் மிரட்டலும். குழந்தை சொல்வதில் தொடுதல், உடுப்பைத் தூக்குதல், செல்போனில் எதையாவது காட்டுதல் என்று ஒரு துளி இருந்தாலும் நான் கீழே எழுதப்போகும் வழி பொருந்தாது. அது போக்ஸோ சட்டத்தில் வரும். பள்ளியோடு பஞ்சாயத்துக்கு உட்காராமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ நேராகப் போகவேண்டும். பள்ளிக்கே தெரிந்தாலும் அதை மறைக்காமல் காவல்துறைக்குச் சொல்லும் கடமை உண்டு.

சரி, யாரிடம் புகார் கொடுப்பது? பாதிப் பேர் சறுக்கும் இடம் இது. நாம் பஸ் கட்டணம் கட்டியது யாரிடம் என்று ரசீதை எடுத்துப் பார்த்தேன். பள்ளி பேரில் இருந்தது. கான்ட்ராக்டருக்கும் எனக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. பள்ளிக்கும் அவருக்கும்தான் உண்டு. அவர் யாரை எந்த வண்டியில் ஏற்றினாலும் எனக்குப் பதில் சொல்லவேண்டியது பள்ளி. வண்டியின் நெற்றியைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். பள்ளியின் சொந்த வண்டியில் பள்ளி வாகனம் என்று இருக்கும், வாடகை வண்டியில் பள்ளிப் பணிக்காக என்று எழுதியிருக்க வேண்டும். பதிவு எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் வண்டி எந்த வகை, தகுதிச் சான்றான எஃப்சி எதுவரை இருக்கிறது என்பதும் வரும். எங்கள் வண்டியில் எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாம் சரியாகவே இருந்தன. இருந்தாலும் பார்த்துக்கொண்டேன். இல்லாத குற்றத்தைச் சேர்த்து எழுதினால் இருக்கிற குற்றமும் வலுவிழக்கும்.

தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே 2012-இல் தனி விதிகள் வந்தன. அந்த வருடம் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பஸ்ஸில் அடித்தள ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதன் பின்னால் வந்தவை. பஸ்ஸில் உதவியாளர் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. வருடாவருடம் பள்ளி திறக்கும் முன் மே மாதத்தில் வருவாய்த்துறை, போக்குவரத்துத்துறை, போலீஸ் எல்லாம் சேர்ந்து வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பரிசோதிப்பார்கள். கோயம்புத்தூரில் பிஆர்எஸ் மைதானத்தில் நடப்பதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அதில் பார்ப்பது படிக்கட்டு உயரம், அவசரக் கதவு, தீயணைப்பான், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இதெல்லாம். டிரைவர் வாயைப் பரிசோதிக்க அங்கே வழியில்லை. அந்த வேலை பள்ளியுடையது.

நேரில் போய் வாயால் சொன்னதற்குக் கிடைத்ததுதான் ஆரம்பத்தில் எழுதிய பதில். அதனால் அன்று இரவே கடிதம் எழுதினோம். முதல்வருக்கு, நகல் தாளாளருக்கு. ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. டிரைவர் மோசமானவர், குடிகாரர், அப்படி இப்படி என்று ஒரு வார்த்தைகூட இல்லை. முக்கியமான பகுதி இப்படி இருந்தது:

"சாயங்கால டிரிப்பில் என் மகளை இருக்கையில் உட்கார விடாமல், இன்ஜின் பானெட்டின் மேல் செய்தித்தாள் விரித்து உட்கார வைக்கிறார்கள். மற்ற மாணவர்கள் முன்னிலையில் டிரைவர் அவளை டேங்கர் என்று அழைக்கிறார். உதவியாளர் உடன் இருந்தும் தடுப்பதில்லை. வீட்டில் சொன்னால் வழியில் இறக்கிவிடுவதாக டிரைவர் மிரட்டியதாக மகள் சொல்கிறாள். இதனால் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து சிறுநீர்த் தொற்று ஏற்பட்டுள்ளது. மருத்துவர் சீட்டு இணைப்பு. பஸ்ஸின் கேமரா பதிவை அழியாமல் எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வரிதான் அவசரம். பஸ் கேமராப் பதிவு ஒரு பெட்டியில் சேரும். இடம் நிறைந்ததும் பழையதன் மேல் புதியது தானாகப் பதிவாகிவிடும். எத்தனை நாளில் என்பது அந்தப் பெட்டியின் கொள்ளளவைப் பொறுத்தது. பள்ளி விசாரித்து, கூட்டம் போட்டு, பிறகு பார்க்கலாம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. பதிவை என்னிடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதில் மற்றவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள், கொடுக்கமாட்டார்கள். எடுத்து வையுங்கள், நீங்களே பாருங்கள் என்றுதான் கேட்டேன். அதை மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

கடிதத்தின் நகலில் பள்ளி முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து வாங்கினோம். "ஃபைல்ல வெச்சுக்கறோம், சீல் எதுக்குங்க?" என்று ஆபீஸ் அம்மா தயங்கினார். சும்மா ஒரு நகலுக்குத்தாங்க என்று நின்றுகொண்டே இருந்தேன், போட்டுக் கொடுத்தார். அன்றே அதைப் படம் எடுத்துப் பள்ளியின் மின்னஞ்சலுக்கும் அனுப்பினேன்.

கூட்டம் நடக்கும்வரை பாப்பாவை நாங்களே டூவீலரில் கொண்டுபோய் விட்டோம். இதில் ஒரு பொறி இருக்கிறது. பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டால் பள்ளிக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. "அவங்க பஸ் வேண்டாம்னுட்டாங்க" என்று ஃபைலை மூடிவிடுவார்கள். பல குடும்பங்கள் அங்கேயே நின்றுபோகின்றன, அதே பானெட்டில் அடுத்து இன்னொரு பிள்ளை உட்காரும். அதனால் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்திருந்தோம்: பஸ் வசதியை நாங்கள் விடவில்லை, கட்டணம் தொடர்கிறது, பாதுகாப்பு உறுதியாகும்வரை தற்காலிகமாக நாங்களே அழைத்து வருகிறோம்.

கடிதம் போனதும் டீக்கடையில் ஆரம்பித்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டு, "நம்ம பையன் தம்பி அவன். வெளையாட்டுக்குச் சொல்லிப்போட்டான். சாயங்காலம் ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசி விட்டர்லாம், எதுக்கு எழுத்து கிழுத்தெல்லாம்" என்றார். நல்ல மனிதர், எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு முன்னே நிற்பவர். "உங்க பேச்சைத் தட்டறதுக்கில்லீங்க. ஆனா இது எனக்கும் அவனுக்கும் சண்டை இல்லீங்க, ஸ்கூல் வண்டி விசயம். அங்க பேசி முடிச்சிட்டு வர்றனுங்க" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். டீக்கடையில் சமாதானம் ஆகியிருந்தால் என்ன ஆகும்? டிரைவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பார், நான் சரி என்பேன், பஸ்ஸில் எதுவும் மாறாது.

கூட்டத்தில் முதல்வர், போக்குவரத்துப் பொறுப்பாளர், ஓனர், நாங்கள் இருவர். டிரைவரையும் பாப்பாவையும் எதிரெதிரே நிறுத்தக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். இதில் மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். "பாப்பாவையே கூப்பிட்டுக் கேட்டர்லாமே" என்பது நியாயம் மாதிரி கேட்கும். பயமுறுத்தியவர் முன்னால் எட்டு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? கேட்டே ஆகவேண்டும் என்றால் வகுப்பு டீச்சர் தனியாக, அம்மாவோடு வைத்துக் கேட்கட்டும்.

கேமராவில் சத்தம் பதிவாகவில்லை. டேங்கர் என்ற வார்த்தைக்கு அதில் சாட்சி இல்லை. ஓனர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் படம் இருந்தது. பின்னால் காலி சீட் இருக்க, பாப்பா பானெட்டில் பேப்பர் மேல் உட்கார்ந்திருந்தாள், நாள் தவறாமல். ஆயா அந்தப் பேப்பரை எடுத்துக் கொடுப்பதும் இருந்தது. அதைப் பார்த்தபிறகு "ஆயா எங்க ஆளு" என்பதைப் பள்ளியால் தள்ளமுடியவில்லை.

ஓனர் அப்போதும், "நம்மகிட்ட ரொம்ப வருசமா ஓட்டறானுங்க, வண்டில ஒரு கீறல் கிடையாது. இன்னைக்கு ஹெவி லைசென்ஸ்ல ஒழுங்கான ஆளு எங்கீங்க கெடைக்குது?" என்றார். அது உண்மையும்கூட. நான் சொன்னேன்: "வண்டி ஓட்டறதைப் பத்தி எங்களுக்குப் புகாரே இல்லீங்க." அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவர் பேச்சு கொஞ்சம் தணிந்தது. பேச்சுவாக்கில் இன்னொரு விஷயமும் வந்தது. அந்த வண்டிக்குச் சாயங்காலம் இரண்டு டிரிப். முதல் டிரிப் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து வேறொரு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவேண்டும். பெல் அடித்த பத்து நிமிடத்தில் கிளம்பியாக வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் கழிவறை வரிசையில் நின்றால் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவார்கள் என்று பயந்து, போகாமலேயே ஏறிவிடுகிறார்கள். வழியில் நிறுத்தினால் அடுத்த டிரிப் தாமதம். டிரைவரின் வாய்க்கு இது சாக்கு ஆகாது. ஆனால் ஆளை மட்டும் மாற்றியிருந்தால் புது ஆளும் நிறுத்தியிருக்கமாட்டார்.

நாங்கள் என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போயிருந்தோம். மன்னிப்பு அதில் இல்லை. விசாரணை முடியும்வரை அந்த டிரைவர் எங்கள் ரூட்டில் வரக்கூடாது, பானெட்டில் எந்தக் குழந்தையும் உட்காரக்கூடாது, பஸ்ஸுக்குள் நடப்பதைப் பற்றிப் புகார் சொல்லப் பள்ளியில் ஒரு ஆள் பேரும் போன் எண்ணும் வேண்டும், முடிவு எழுத்தில் வரவேண்டும். சில நாள் நான் அந்தப் பஸ்ஸில் கூட வருகிறேன் என்றும் கேட்டேன். 1997-இல் டெல்லி பஸ்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பாதுகாப்பு நெறிகளில், பெற்றோரோ ஆசிரியரோ பள்ளிப் பஸ்ஸில் பயணம் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறது. முதல்வர் யோசித்து, பெற்றோர் வேண்டாம், நாங்களே ஒரு டீச்சரை அனுப்புகிறோம் என்றார். எனக்கு அது இன்னும் நல்லதாகவே பட்டது.

கிடைத்தது இவ்வளவு: டிரைவரை ஓனர் தன் கல்லூரி வண்டிக்கு மாற்றினார், எழுத்தில் எச்சரிக்கை கொடுத்ததாகப் பள்ளி பதில் அனுப்பியது. தொடக்கப்பள்ளி பஸ் பிள்ளைகளைப் பெல்லுக்குப் பத்து நிமிடம் முன்பே விட்டு, கழிவறைக்கு அழைத்துப் போய், அப்புறம் ஏற்றுகிறார்கள். ஆயாவை வேறு ரூட்டுக்கு மாற்றச் சொன்னோம், மாற்றவில்லை, எச்சரித்ததோடு சரி. அதில் எங்களுக்கு இன்னும் மனக்குறைதான். அந்தம்மாவும் பானெட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பள்ளி மறுத்திருந்தால் அடுத்த படிகளையும் குறித்து வைத்திருந்தோம். கல்வித்துறையின் 14417 உதவி எண், தனியார் பள்ளிகளுக்கென்று இருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமை செய்தால் தண்டனை, அவர் குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியர் என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. இந்தப் பிரிவுகளை முதல் கடிதத்தில் எழுதவேண்டாம் என்பது என் கருத்து. முதல் கடிதத்திலேயே சட்டத்தை வீசினால் பள்ளி வக்கீலைக் கூப்பிடும், பேச்சு நின்றுவிடும். இரண்டாவது கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முத்திரை போட்ட முதல் நகல் கையில் இருந்தால்தான் இரண்டாவதற்கு மதிப்பு.

டிரைவர் போனபிறகும் டேங்கர் போகவில்லை. பிள்ளைகள் வாயில் கொஞ்ச நாள் இருந்தது. வகுப்பு டீச்சர் பாப்பா பேரைச் சொல்லாமல் எல்லா வகுப்புப் பஸ் பிள்ளைகளிடமும் பேசினார், பிறகு குறைந்தது. பாட்டில் பாதி காலியாகி வர அதற்குமேலும் நாள் பிடித்தது. பள்ளிக்குப் போனதும் முதல் பீரியடுக்குள் கால்வாசி, மதியம் சாப்பிட்டதும் இன்னொரு கால்வாசி என்று பாட்டிலில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு அனுப்பினோம்.

இந்த வருடம் பஸ் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, "பேருந்து விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்" என்ற வரிக்குக் கீழே, உதவியாளர் பேர், டிரைவர் பேர், புகார் எண் மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். ஆபீஸ் அம்மா இந்தத் தடவை எதுக்குங்க என்று கேட்கவில்லை.